பொங்கி அடங்கிய பிறகும் தம்ளரில் தங்கிவிடும் சோடியம்: பிரஷர் உள்ளவர்கள் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை

என் அப்பாவுக்கு வயது 68. பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, 130-ஐ ஒட்டியே வைத்திருந்தார். அப்படிக் காத்து வந்ததை ஆறே வாரத்தில் குலைத்தது, நாங்களே காசு கொடுத்து வாங்கி வந்த இரண்டு குழாய் மாத்திரைகள். தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு கரையும் வைட்டமின் மாத்திரை ஒன்று, எலக்ட்ரோலைட் மாத்திரை ஒன்று.

கடையில் நான் கேட்காமல் வாங்கவில்லை. "அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது, இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். "சர்க்கரை கிடையாது சார், வெறும் வைட்டமின்தான், தாராளமாகக் கொடுங்கள்" என்றார் விற்றவர். குழாயின் முன்பக்கத்திலும் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை இல்லை' என்றுதான் இருந்தது. நான் கேட்டது பிரஷரைப் பற்றி, கிடைத்தது சர்க்கரையைப் பற்றிய பதில். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

காலையில் வைட்டமின் ஒன்று, நடந்துவிட்டு வந்ததும் எலக்ட்ரோலைட் ஒன்று, மாலையில் இன்னொன்று. இப்படி நாளுக்கு மூன்று தம்ளர். அப்பாவுக்கு அந்தப் புளிப்பு பிடித்துப்போனது. நான்காவது வாரத்தில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. முன்பு அப்படி இருந்ததில்லை. வீட்டுக் கருவியில் 150-க்கு மேல் காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று பேட்டரியை மாற்றினோம். ஆறாவது வாரம் மருத்துவரிடம் போனபோது 158/94.

அவர் உடனே மருந்தைக் கூட்டிவிடாமல், "புதிதாக என்ன சேர்த்தீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றோம். "மாத்திரை, கஷாயம், பொடி, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது எதுவும் இல்லையா?" என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் அந்தக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை மருந்தாகவே நாங்கள் எண்ணவில்லை. அடுத்த முறை எடுத்துவரச் சொன்னார். அதுவரை நிறுத்தச் சொன்னார். பிரஷர் மாத்திரையின் அளவை அப்படியே விட்டுவிட்டார்.

அன்று இரவு குழாயை விளக்கடியில் வைத்து, கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். வைட்டமின் குழாயின் ஊட்டச்சத்து அட்டவணையில் வைட்டமின் சி 1000 மி.கி. இருந்தது, துத்தநாகம் இருந்தது. சோடியம் என்ற வரியே இல்லை. கீழே, உள்ளடக்கப் பட்டியலில், 'அமிலத்தன்மை சீராக்கிகள் 330, 500(ii)' என்று ஒரு துணுக்கு. 330 என்பது சிட்ரிக் அமிலம். 500(ii) என்பது சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. அந்தப் பெயரை எழுதியிருந்தால் நானே கடையில் கண்டுபிடித்திருப்பேன். எண்ணாக எழுதியதால் கண்ணில் பட்டும் புரியவில்லை.

மாத்திரை பொங்குவதே இந்த இரண்டால்தான். உலர்ந்திருக்கும்போது சிட்ரிக் அமிலமும் சோடாவும் அருகருகே சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் வினைபுரிந்து கரியமில வாயுவைக் கிளப்பும். அதுதான் நுரையும் சீற்றமும். குழாய் மூடியில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருப்பது, இந்த வினை முன்கூட்டியே தொடங்கிவிடாமல் இருக்கத்தான். நுரை அடங்கினால் சோடாவும் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பறந்துபோவது வாயு மட்டும். சோடாவில் இருந்த சோடியம் முழுவதும் சோடியம் சிட்ரேட்டாகத் தம்ளரிலேயே தங்குகிறது. நாக்கும் காட்டிக்கொடுப்பதில்லை. எஞ்சிய அமிலத்தின் புளிப்பும் இனிப்பூட்டியும் அந்த மெல்லிய உப்புச் சுவையை மூடிவிடுகின்றன. சோடாவின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகச் சோடியம் இருக்கிறது. மாத்திரை நன்றாகப் பொங்க ஒரு கிராமுக்கு மேல் சோடா போட்டாலே, ஏறக்குறைய 300 மி.கி. சோடியம் உள்ளே வந்துவிடும்.

எலக்ட்ரோலைட் குழாய் வேறு விதமாக ஏமாற்றியது. அதில் சோடியம் போட்டிருந்தார்கள், '64 மி.கி.' என்று. பார்த்தால் அற்பம். ஆனால் அது மாத்திரைக்கான கணக்கு அல்ல. 'தயாரித்த பானம் 100 மி.லி.க்கு'. ஒரு மாத்திரையை 500 மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று குழாயின் மறுபக்கத்தில் இருந்தது. ஆக ஒரு மாத்திரையில் 64-ஐ ஐந்தால் பெருக்கினால் 320 மி.கி. அப்பா அதை ஒரே தம்ளரில் கரைத்துக் குடித்தார். தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் மாத்திரைக்குள் இருக்கும் சோடியம் மாறாது.

வைட்டமின் மாத்திரையின் அளவைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில், 'எங்கள் தயாரிப்பு பாதுகாப்பானது' என்று. இரண்டாம் முறை, ஒரு மாத்திரையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று ஒரே வரியில் கேட்டேன். 350 என்று வந்தது. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அட்டையில் போடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வைட்டமின் 350, எலக்ட்ரோலைட் இரண்டுக்கு 640. மொத்தம் நாளொன்றுக்கு 990 மி.கி. பெரியவர்கள் ஒரு நாளில் 2000 மி.கி.க்குக் குறைவாகவே சோடியம் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பாதி, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும். அப்பா தினமும் குடித்தது சுமார் இரண்டரை கிராம் உப்புக்குச் சமமான சோடியம், கிட்டத்தட்ட அரை தேக்கரண்டி உப்பில் இருப்பது. சமையலில் கிள்ளிக் கிள்ளிக் குறைத்த அம்மா இந்தக் கணக்கைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குளோரைடோடு சேர்ந்த சோடியம், அதாவது சாதாரண உப்பு, அழுத்தத்தை ஏற்றும் அளவுக்கு சிட்ரேட்டோடோ பைகார்பனேட்டோடோ சேர்ந்த சோடியம் ஏற்றுவதில்லை என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் இதை மருத்துவரிடமே கேட்டேன். அதை நம்பி பிரஷர் உள்ளவர் தினமும் குடிக்க முடியாது என்றார். எலக்ட்ரோலைட் மாத்திரைகள் பலவற்றில் நேரடியாகச் சாதாரண உப்பும் சேர்க்கிறார்கள். தவிர, 2013-இல் பிரிட்டனில் சுமார் 13 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, கரைத்துக் குடிக்கும் சோடியம் கலந்த மருந்துகளை, அதே மருந்துகளின் சோடியம் இல்லாத வடிவங்களோடு ஒப்பிட்டது. சோடியம் கலந்ததை எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தநாள நோயால் மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு 16 சதவீதம் அதிகமாக இருந்தது. உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு. அது மருந்துகளைப் பற்றியது, வைட்டமின்களைப் பற்றியதல்ல. பதிவுகளை அலசும் ஆய்வு என்பதால், காரணம் இதுதான் என்று அறுதியிடவும் முடியாது. ஆனாலும் பொங்க வைக்கும் சரக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால் தலைவலிக்குப் பொங்கும் பாராசிட்டமால் வாங்குபவர்களும் பாருங்கள். 500 மி.கி. மாத்திரை ஒன்றில் 400 மி.கி.யை ஒட்டிச் சோடியம் இருக்கும் வகைகள் உண்டு. அனுமதித்த உச்ச அளவான எட்டு மாத்திரையை ஒரே நாளில் எடுத்தால், அதிலிருந்து மட்டும் மூன்று கிராம் சோடியம். விழுங்கும் மாத்திரையில் அதே மருந்து இந்தச் சுமையில்லாமல் கிடைக்கிறது. வைட்டமினும் அப்படியே. அப்பாவின் வைட்டமினை மருத்துவர் விழுங்கும் மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். எலக்ட்ரோலைட் அவருக்குத் தேவையே இல்லை என்றார். அரை மணி நேரம் நடப்பதில் இழக்கும் உப்பைச் சாப்பாடே ஈடு செய்துவிடும்.

குழாயைக் கையில் எடுத்தால் உள்ளடக்கத்தில் 500, 331 என்ற எண்களைத் தேடுங்கள். 331 என்பது சோடியம் சிட்ரேட். பொங்கும் மாத்திரை என்றாலே சோடியம் என்றும் இல்லை. 501 என்று இருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட் வகை. அதைக் கண்டு நிம்மதியாகிவிடவும் வேண்டாம். சில பிரஷர் மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பவருக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுக்க யாரும் தயங்கிவிட வேண்டாம். அங்கே சோடியம்தான் மருந்து. பிரஷரோ இதய நோயோ உள்ளவர் என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்திய நாளிலிருந்து காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமரவைத்து அளந்து எழுதினேன். முதல் வாரம் 150-ஐச் சுற்றியே இருந்தது. பத்தாம் நாள் 142. மூன்றாம் வாரம் 132/82. காலுறைத் தடமும் மறைந்தது. இடையில் மருந்தும் மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. அந்த வேளையில் மருந்தைக் கூட்டியிருந்தால், குழாய் தீர்ந்த பின் அழுத்தம் மளமளவென்று இறங்கி அப்பா தலைசுற்றி விழுந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்பாவின் மருந்து நோட்டில் அவரே ஒரு கோடு கிழித்து, 'கரைத்துக் குடிப்பவை' என்று தனிப் பத்தி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். அது இப்போது காலியாக இருக்கிறது.