சொன்ன தேதியில் ரிலீஸ் நடக்குமா என்று யாரிடம், எப்படிக் கேட்பது?

ஆம்ஸ்டர்டாம், சென்னை, டோக்கியோ என மூன்று ஊரிலும் ஆட்கள் உள்ள ஒரு மென்பொருள் டீமை எடுத்துக்கொள்வோம். ரிலீஸ் மாதக் கடைசியில். அது நடக்குமா என்று லீட் தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு: எல்லோரையும் ஒரே வீடியோ காலில் கூட்டிக் கேட்பது, முன்பே தனித்தனியாகப் பேசுவது, எழுதி வாங்குவது.

ஒரே காலில் கேட்டால் என்ன நடக்கும் என்பது இப்படி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடைகாலத்தில் ஆம்ஸ்டர்டாமில் காலை 9 மணி என்றால் சென்னையில் பகல் 12.30, டோக்கியோவில் மாலை 4. "30-ஆம் தேதி முடியுமா?" என்று லீட் கேட்கிறார். "முடியாது, டெஸ்டிங்கே இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்று டச்சுக்காரர் பட்டென்று சொல்லிவிடுவார். சென்னையிலிருந்து "பாத்துக்கலாம் சார், டிரை பண்றோம்" என்று வரும். டோக்கியோ பக்கம் கொஞ்ச நேரம் அமைதி, பிறகு "கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம், பார்க்கிறோம்" என்பார்கள். பெரும்பாலும் மூன்று பேர் சொன்னதும் ஒரே விஷயம்தான். லீட் டச்சுக்காரரை முரட்டு ஆள் என்றும் மற்ற இருவரையும் சம்மதித்தவர்கள் என்றும் எழுதிக்கொண்டால் தொலைந்தது. ஸ்டேட்டஸ் கடைசி வாரம் வரை பச்சையாகவே இருந்து, திடீரென்று சிவப்பாகும்.

மேல் கீழ் பார்ப்பதும் நேராகப் பேசுவதும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் போட்ட, மேல் கீழ் என்ற படிநிலையை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று காட்டும் அதிகார இடைவெளிப் புள்ளிகளில் இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, நெதர்லாந்துக்கு 38, ஸ்வீடனுக்கு 31. ஸ்வீடன் டச்சுக்காரர்களைவிடக் கீழே இருந்தும் அங்கே கூட்டத்தில் முகத்துக்கு நேரே மறுப்பது குறைவு. ஜப்பான் இந்தியாவைவிடக் கீழே இருந்தும் பலர் முன்னால் "முடியாது" என்பது அங்கே இன்னும் அரிது. அதோடு இவை நாட்டுச் சராசரிகள். உங்கள் சென்னை டெஸ்டர் யார் பேச்சையும் கேட்காத ஆளாக இருக்கலாம்.

இரண்டாவது வழி, முன்கூட்டியே தனியாகப் பேசுவது, ஜப்பானில் நெமவாஷி என்ற பெயரில் நன்கு பழகிய முறை. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவராகப் பார்த்து ஆட்சேபத்தைத் தீர்த்துவிடுவார்கள், கூட்டம் முடிவை உறுதிப்படுத்தத்தான். சென்னைக்கும் இது ஒத்துவரும், ஆனால் ஒரு கண்ணி உண்டு: ஜூனியரை லீட் நேரடியாகக் கூப்பிட்டால் அங்குள்ள டீம் லீடர் தன்னைத் தாண்டிப் போய்விட்டதாக நினைப்பார், ஜூனியரும் பயந்து வாயைத் திறக்க மாட்டார். முதலில் டீம் லீடரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஆம்ஸ்டர்டாமில் சிக்கல் வேறு. கூட்டத்துக்கு வரும்போதே எல்லாம் பேசி முடித்துவைத்தது தெரிந்தால், முதுகுக்குப் பின்னால் பேரம் நடந்துவிட்டது என்று எரிச்சல்படுவார்கள். செவ்வாய், புதன் எல்லோரிடமும் பேசப்போகிறேன், கேட்டதைப் பெயர் சொல்லாமல் பொது டாக்குமெண்டில் போடுவேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் அந்த எரிச்சல் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது, எழுதி வாங்குவது. பிளானிங் போக்கர் இதன் ஒரு வடிவம். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று காட்ட எல்லோரும் 3, 5, 8, 13 என்று ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் திறப்பார்கள். சீனியர் என்ன போட்டார் என்று பார்த்துவிட்டுப் போட வழியில்லை, அதுதான் இதன் பலம். ஆனால் திறந்ததும் வழக்கப்படி "13 போட்டவர் ஏன் என்று சொல்லுங்கள்" என்பார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் சீனியரின் 5-ஐப் பார்த்துவிட்டு "நானும் 5-தான் நினைத்தேன்" என்று இறங்கிவிடுவான். அடுத்த முறையிலிருந்து கார்டெல்லாம் ஒரே எண்ணாக விழ ஆரம்பிக்கும். எல்லாம் ஒத்துப்போகிறதே என்று அப்போது சந்தோஷப்படாதீர்கள். லீட் கார்டு போடாமல் ஒதுங்கிக்கொண்டு, விளக்கத்தைக் குறைந்த எண் போட்டவரிடம் முதலில் கேட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். 5-இல் எப்படி முடியும் என்று சீனியர் சொல்லும்போது அவரே விட்டுவைத்த டெஸ்டிங் வேலை வெளியே வரும்.

என் கணக்கில், தேதி, அளவு மாதிரி எண்ணாகச் சொல்லக்கூடியதற்கு எழுத்துதான். எந்த டிசைன், யார் பொறுப்பு மாதிரி மானம் சம்பந்தப்பட்டதற்கு முன்பேச்சு. பொதுக் கூட்டம், ஏற்கெனவே தெரிந்ததை எல்லோர் காதிலும் போட மட்டும். அப்புறம், எந்த வழியானாலும் "முடியுமா?" என்று கேட்பதை நிறுத்துங்கள், அதற்கு மரியாதையான ஒரே பதில் "முடியும்" என்பதுதான். "30-ஆம் தேதிக்குள் எது எது மிச்சம் இருக்கும்?" என்று கேட்டால், பேமெண்ட் ரீஃபண்ட் பகுதி மிச்சம் என்று டோக்கியோவும் சொல்லும், சென்னையும் சொல்லும், யாரும் யாரையும் மறுத்ததாகவும் ஆகாது.