ஜிப்சம், பி.வி.சி., பிளைவுட்: ஒரே வீட்டில் எட்டு ஆண்டு ஃபால்ஸ் சீலிங் அனுபவம்

சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். 2017 ஏப்ரலில் கூடத்துக்கு ஜிப்சம் போர்டும், சமையலறைக்கும் குளியலறைக்கும் பி.வி.சி. பேனலும், படுக்கையறைக்குப் பிளைவுட்டும் போட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததல்ல. அலமாரி வேலைக்கு வந்த ஆசாரி படுக்கையறைக் கூரையையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். மற்ற இடங்களை வேறோர் ஒப்பந்ததாரர் எடுத்துக்கொண்டார். ஆனால் உப்புக் காற்று, வெயிலில் கொதிக்கும் மேல்தளம், அடைமழை ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் கிடைத்ததால், பொருள்களின் குணம் தெளிவாகவே தெரிந்துவிட்டது.

தொய்வைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் அளந்து பார்த்துவந்தேன். எதிரெதிர்ச் சுவர்களில், கூரைக்குக் கீழே சரியாக 20 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு ஆணி அடித்து, தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டி, ஓரடிக்கு ஓரிடம் கூரைக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளப்பேன். 20 என்பது ஓரிடத்தில் 15 ஆகியிருந்தால் அங்கே 5 மில்லிமீட்டர் தொய்வு என்று பொருள். பருத்தி நூல் தானே தொய்ந்துவிடும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கூடத்தின் ஜிப்சம் கூரையில் முதல் ஆண்டில் ஒன்றும் தெரியவில்லை. 2019 மழைக்காலம் முடிந்தபோது, மாலையில் ஓர விளக்கைப் போட்டால் கூரையில் மெல்லிய அலைபோல நிழல் விழுந்தது. அளந்ததில் நடுப்பகுதியில் 7 மில்லிமீட்டர் இருந்தது. போர்டின் தரம்தான் மோசம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு காந்தத்தைக் கூரையின்மேல் தடவி, அது ஒட்டிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஸ்க்ரூக்கள் இருந்த வரிசைகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி இருந்தது. 12.5 மில்லிமீட்டர் போர்டைத் தாங்கும், துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களான ஜி.ஐ. செக்‌ஷன்கள் 457 மில்லிமீட்டருக்கு, அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்றாக வர வேண்டும். ஸ்க்ரூக்களும் ஏறத்தாழ 23 சென்டிமீட்டருக்கு ஒன்று வேண்டும். ஒரு சதுர மீட்டர் போர்டு எட்டு, ஒன்பது கிலோ எடை கொண்டது. அரை அடி கூடுதலாக விட்டால் ஓர் அறைக்கு இரண்டு, மூன்று செக்‌ஷன் மிச்சமாகும். ஒப்பந்ததாரர் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான். மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை அல்லவா? வேலை நடக்கும்போது, போர்டு ஏறுவதற்கு முன்பே டேப்பை எடுத்து அளந்துவிடுவதுதான் நல்லது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்குக் காந்தம் போதும்.

இடைவெளி மட்டுமே காரணம் என்றால் முதல் ஆண்டிலேயே தொய்ந்திருக்க வேண்டும். ஈரமும் சேர்ந்துகொண்டது, அது வந்த வழி நான் எதிர்பாராதது. ஏ.சி.யை 24 டிகிரியில் ஓட்டும்போது போர்டும் ஏறத்தாழ அந்தக் குளிர்ச்சிக்கு வந்துவிடுகிறது. போர்டுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்திலோ வெளிக்காற்று நுழைந்துகொண்டே இருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் சென்னைக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீர் துளியாகத் தொடங்கிவிடும். ஆகவே போர்டின் மேற்பக்கத் தாள் மாதக்கணக்கில் ஓதத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலாக, ஏ.சி.யின் வடிகால் குழாய் உறையில்லாமல் அந்த வெற்றிடத்தின் வழியே சென்றது; குளிர்ந்த குழாயின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டியதால், அதன் நேர் கீழே நீளவாக்கில் மஞ்சள் கறை படிந்திருந்தது. மேல்தளக் கசிவின் கறை பெரும்பாலும் வட்டமாகப் பரவும், மழையை ஒட்டி வரும். குழாய் வியர்வையின் கறை கோடாக இருக்கும், கோடையிலும் வளரும். குழாய்க்கு நுரை உறை போட்டு, நடுவிலிருந்த இரண்டு போர்டுகளைக் கழற்றிக் கூடுதல் செக்‌ஷன் பொருத்தி, புதிய போர்டு போட்டோம்.

மேல்தளம் ஒழுகினால் கதை வேறு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது, மாடியின் வடிகால் வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கி, கூடத்தின் ஒரு மூலையில் இறங்கியது. சில மணி நேரத்தில் போர்டு தொப்பைபோல் உப்பிவிட்டது. அப்படி உப்பினால் தயங்காமல், கீழே வாளியை வைத்துவிட்டு, தொப்பையின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் துளையிட்டு நீரை வடித்துவிட வேண்டும். ஒரு சதுர அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றாலே இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறுகிறது. விட்டுவைத்தால் முழுப் போர்டும் இறங்கும். அந்த அறையின் மின்சாரத்தை அதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காய்ந்த பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். அமுங்கிய பகுதியையும், தாள் பிரிந்து தட்டும்போது பொத்தென்று ஒலித்த பகுதியையும் மூன்றடிக்கு இரண்டடி அளவில் வெட்டியெடுத்து, புதுத் துண்டு பொருத்தி, பேப்பர் டேப் ஒட்டிப் பட்டி பார்த்ததும் வேலை முடிந்தது. பச்சை நிற ஈரந்தாங்கும் போர்டு போட்டிருந்தால் தப்பித்திருக்குமா என்று பலர் கேட்டார்கள். அது ஓதத்தை மெதுவாக உறிஞ்சும், ஒழுகலைத் தாங்காது.

பி.வி.சி. பேனல் ஈரத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. எட்டு ஆண்டுகளாகத் தினமும் வெந்நீர் ஆவி படும் குளியலறையில் அது வீங்கவில்லை, பூஞ்சை அதன்மேல் வந்தாலும் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. இந்த ஒன்றுக்காகவே குளியலறைக்கு மறுபடியும் அதையே போடுவேன். அதன் பகை வெப்பம். பத்தடிப் பேனல் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். எங்கள் சமையலறையில் இரு சுவர்களுக்கும் நடுவே இடைவெளியே விடாமல் இறுக்கிப் பொருத்திவிட்டார்கள். முதல் மே மாதத்திலேயே பேனல்கள் நெளிந்து, இரண்டு இடங்களில் இணைப்பு பிதுங்கியது. ஓரப் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பேனலின் முனையிலும் 5 மில்லிமீட்டர் அறுத்துவிட்டதும் சரியானது. அடுப்புக்கு மேலே இருந்த பேனல்கள் மட்டும் மஞ்சளித்து, லேசாகக் கீழ்நோக்கி வளைந்துவிட்டன; அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இன்னொரு குறை நுட்பமானது. பி.வி.சி. பேனலின் உட்புறம் நீளவாக்கில் குழல்குழலாக இருக்கும். மேலே கசியும் நீர் அந்தக் குழல்களுக்குள் புகுந்து, எங்கோ தொலைவிலுள்ள முனையில்தான் சொட்டுகிறது. குளியலறையில் கதவோரம் சொட்டிய நீருக்கு மூலம் எதிர்ச்சுவரின் குழாய் இணைப்பு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை கம்பிகளும் செக்‌ஷன்களும் மேலே துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

பிளைவுட்டைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை. ஆசாரி போட்டது எம்.ஆர். கிரேடு. அந்தப் பெயர் ஈரத்தை ஓரளவு தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது; நீரைத் தாங்குவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை. ஆனால் இங்கே கேடு செய்தது கிரேடு மட்டுமல்ல. கீழ்ப்பக்கம் மைக்கா ஒட்டி மூடப்பட்டிருந்தது. மேற்பக்கம் வார்னிஷ்கூடப் பூசாமல் விடப்பட்டிருந்தது. மேற்பக்கம் மட்டும் ஓதத்தை உறிஞ்சி விரிந்ததால் பலகைகள் குடைபோல் வளைந்தன. ஆகவே ஜிப்சம்போல நடுப்பகுதி தொங்கவில்லை, ஓரங்கள்தான் இறங்கின. பலகைகளைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரில் அடித்திருந்த ஆணிகள் நழுவி, ஓரிடத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே 9 மில்லிமீட்டர் படி உண்டாகிவிட்டது. பிளைவுட்டே போட்டாக வேண்டும் என்பவர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மூட வேண்டும், ஆணிக்குப் பதிலாக ஸ்க்ரூ கேட்க வேண்டும்.

தீயைப் பற்றி யோசித்தபோது, மிச்சமிருந்த துண்டுகளை மாடிக்கு எடுத்துச் சென்று, மூக்கை மூடிக்கொண்டு, கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டிப் பார்த்தேன். இது ஆய்வகச் சோதனையல்ல. அறையில் நடக்கும் தீயோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. பிளைவுட் பற்றிக்கொண்டு, சுடரை எடுத்த பிறகும் எரிந்தது. பி.வி.சி. உடனே சுருங்கித் தொங்கியது. சுடரை எடுத்ததும் அணைந்துவிட்டது. விற்பவர்கள் இதை வைத்துத்தான் அதைத் தீப்பிடிக்காத பொருள் என்கிறார்கள். ஆனால் சுடர் பட்டவரை எழுந்த கரும்புகை தொண்டையைக் கரித்தது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவருகிறது, ஈரமான கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் அமிலமாகிறது. வெளியேறும் வழியிலுள்ள கூரை அப்படிப் புகைந்து தலைமேல் உருகி விழுந்தால் என்ன ஆகும்? கூடத்திலும் நடைவழியிலும் பி.வி.சி. வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜிப்சம் துண்டில் தாள் மட்டும் கருகியது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது தீரும்வரை போர்டின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீர்ந்த பிறகு போர்டு சுருங்கி, வெடித்து உதிரும். கண்ணாடியிழை கலந்த தீ தாங்கும் போர்டு இன்னும் கொஞ்ச நேரம் சேர்ந்து நிற்கும். ஆனால் ஒரே அடுக்குப் போர்டில் பன்னிரண்டு டவுன்லைட்டுக்குத் துளையிட்டிருந்தால், அந்தத் துளைகள் வழியே தீ மேலே போய்விடும். என் கூடத்தில் எட்டுத் துளைகள் இருக்கின்றன. அழகுக்காகச் செய்த தவறு.

2024 மார்ச்சில் படுக்கையறைப் பிளைவுட்டைக் கழற்றினோம். ரீப்பர் ஒன்றில் கறையான் மண் ஏறியிருந்தது. அதைவிட, விளக்குக்குப் போன ஒயரை யாரோ நடுவழியில் முறுக்கி, டேப் சுற்றி, பலகையின்மேல் அப்படியே போட்டிருந்தார்கள். டேப் உருகியிருந்தது, அதன் கீழே பிளைவுட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகிய வட்டம். அது எப்போது கருகியது, எத்தனை இரவு அதன் கீழே தூங்கினோம் என்று தெரியவில்லை. ஒயர்களையெல்லாம் குழாய்க்குள் விட்டு, இணைப்புகளை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, திறந்து பார்க்க ஒன்றரை அடிச் சதுரக் கதவும் விட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு செக்‌ஷனாக ஜிப்சம் போட்டோம். சென்ற மாதம் நரம்பு கட்டி அளந்தபோது, அதிகபட்சத் தொய்வு ஒரு மில்லிமீட்டர்.