யுரேனியம்-235, யுரேனியம்-238: மெது நியூட்ரானுக்கு ஒன்று மட்டும் பிளவது ஏன்?

இரண்டிலும் 92 புரோட்டான்கள். வேறுபாடு மூன்று நியூட்ரான்கள் மட்டுமே. ஆனால் ஆற்றலே இல்லாத அளவுக்கு மெதுவாக வரும் ஒரு நியூட்ரானை விழுங்கியதும் 235 பெரும்பாலும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது, 238 பிளவதில்லை. வைசேக்கர் 1935-இல் முன்வைத்த அரை-அனுபவ நிறை வாய்ப்பாட்டைக் கொண்டு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால், எந்த உறுப்பு இதைத் தீர்மானிக்கிறது என்பது எண்ணாகவே தெரியும்.

```
B = 15.75 A − 17.8 A^(2/3) − 0.711 Z²/A^(1/3) − 23.7 (N−Z)²/A + δ
δ = +11.18/√A  (N, Z இரண்டும் இரட்டை)
δ = 0          (A ஒற்றை)
δ = −11.18/√A  (N, Z இரண்டும் ஒற்றை)
```

B என்பது கருவைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பு ஆற்றல். Z புரோட்டான்களின் எண்ணிக்கை, N நியூட்ரான்களின் எண்ணிக்கை, A இரண்டின் கூட்டுத்தொகை; இரு வகைத் துகளுக்கும் பொதுப்பெயர் நியூக்ளியான். விடை மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும், கீழே மெ.எ.வோ. என்று சுருக்குகிறேன். உறுப்புகள் வரிசையாக: பருமன், பரப்பு, கூலும் விலக்கம், சமச்சீரின்மை, இணைதல்.

பலர் முதலில் செய்வது, ஒரு நியூக்ளியானுக்கான சராசரிப் பிணைப்பு ஆற்றலை ஒப்பிடுவது. வாய்ப்பாட்டின்படி 235-க்கு 7.60, 238-க்கு 7.58. அதாவது எளிதில் பிளவதுதான் சற்று இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது! சராசரி இங்கே தவறான கேள்விக்கு விடை சொல்கிறது. புதிதாக நுழையும் அந்த ஒரு நியூட்ரான் எவ்வளவு ஆற்றலை விடுவிக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டியது. மெது நியூட்ரான் தன்னோடு எடுத்து வரும் இயக்க ஆற்றல் சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான்; அதை மறந்துவிடலாம். ஆகவே நியூட்ரானை விழுங்கி உருவாகும் கூட்டுக்கருவுக்குக் கிடைக்கும் கிளர்ச்சி ஆற்றல் முழுவதும் பிணைப்பு ஆற்றல்களின் வித்தியாசத்திலிருந்தே வரவேண்டும். 235 வரிசைக்கு அது B(236) − B(235). 238 வரிசைக்கு B(239) − B(238).

உறுப்பு வாரியாகக் கழித்தால் வருவது இது (மெ.எ.வோ.):

| உறுப்பு | 235 → 236 | 238 → 239 |
|---|---|---|
| பருமன் | +15.75 | +15.75 |
| பரப்பு | −1.92 | −1.91 |
| கூலும் | +1.38 | +1.36 |
| சமச்சீரின்மை | −9.23 | −9.59 |
| இணைதல் | +0.73 | −0.72 |
| மொத்தம் | 6.70 | 4.87 |
| அளந்த மதிப்பு | 6.55 | 4.81 |

பருமன் உறுப்பு இருவருக்கும் ஒரே தொகையைத் தருகிறது. ஒவ்வொரு நியூக்ளியானும் அண்டை நியூக்ளியான்களோடு மட்டுமே பிணைவதால், கரு எவ்வளவு பெரியது என்பது அதற்குப் பொருட்டல்ல. பரப்பு உறுப்பும் ஏறக்குறைய சமம். கூலும் வரிசையில் கூட்டல் குறி இருப்பதைக் கவனியுங்கள். புரோட்டான் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் நியூட்ரான் சேர்ந்ததும் கரு சற்றே பெரிதாகிப் புரோட்டான்கள் விலகி நிற்கின்றன, விலக்கம் குறைகிறது. கழித்தல் உறுப்பு என்பதற்காக இங்கேயும் கழித்துவிட்டால் விடை சுமார் 2.7 மெ.எ.வோ. குறைந்துவிடும்.

மொத்த வித்தியாசம் 1.83. அதில் 1.45 இணைதல் உறுப்பிலிருந்து வருகிறது, ஐந்தில் நான்கு பங்கு. 235-இல் 143 நியூட்ரான்கள். ஒன்று துணையின்றி நிற்கிறது. வரும் நியூட்ரான் அதோடு இணைந்து 144 ஆக்குகிறது, அந்த இணைப்பின் ஆற்றல் கருவுக்குள் விடுபடுகிறது. 238-இல் 146 நியூட்ரான்களும் ஏற்கெனவே இணைந்துவிட்டன. வருவது தனியாக நிற்க வேண்டியதுதான். சுமார் 1,800 மெ.எ.வோ. உள்ள மொத்தப் பிணைப்பில் ஒன்றுக்கும் குறைவான ஓர் உறுப்பு இந்தப் பிரிவைச் செய்கிறது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் சமச்சீரின்மை உறுப்பின் வேலை: நியூட்ரான் ஏற்கெனவே மிகுந்திருக்கும் கருவில் இன்னொன்றைச் சேர்க்கும் செலவு கூடிக்கொண்டே போகும்.

இந்த ஆற்றலைத் தடையோடு ஒப்பிட வேண்டும். கரு நீள்வடிவம் எடுக்கும்போது பரப்பு ஆற்றல் ஏறுகிறது, கூலும் ஆற்றல் இறங்குகிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில்தான் பிளவுத் தடை உருவாகிறது. கூலும் ஆற்றலைப் பரப்பு ஆற்றலின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1 ஆனால் தடையே இருக்காது. 236-க்கு 974-ஐ 1,360-ஆல் வகுக்க, 0.716. 239-க்கு 0.707. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இரண்டின் தடையும் 6 மெ.எ.வோ.-வை ஒட்டியே நிற்கின்றன, 239-க்குச் சற்று உயரம். 236-க்குக் கிடைத்த 6.55 அந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. 239-க்குக் கிடைத்த 4.81 போதவில்லை. பற்றாக்குறையை நியூட்ரானின் வேகம் ஈடுகட்ட வேண்டும். 238-ஐப் பிளக்க 1 மெ.எ.வோ.-க்கு மேற்பட்ட வேக நியூட்ரான் தேவைப்படுவது இதனால்தான்.

தடையின் உயரத்தை மட்டும் இந்த வாய்ப்பாட்டிலிருந்து துல்லியமாக எடுக்க முயல வேண்டாம். கருவைத் திரவத் துளியாகக் கருதும் மாதிரிக்கு, நியூக்ளியான்கள் கூடு கூடாக அடுக்கப்படுவதன் விளைவுகள் தெரியாது. உண்மையில் யுரேனியத்தின் தடைக்கு இரண்டு முகடுகள் உண்டு. மேலே கணக்கிட்ட வித்தியாசத்தில், அதாவது நியூட்ரான் பிரிப்பு ஆற்றலில், பிழை சுமார் 0.15-இல் நின்றது, அடுத்தடுத்த இரு கருக்களைக் கழிக்கும்போது பொதுவான பிழைகள் அடிபட்டுப்போவதால். மொத்தப் பிணைப்பு ஆற்றலில் வாய்ப்பாடு 2 மெ.எ.வோ. அளவுக்குத் தவறுகிறது.

கணக்கு தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, கன மூலத்தை இரண்டு தசமத்தோடு நிறுத்துவது. 6.17, 6.18 என்று எடுத்தால் பரப்பு வரிசையின் 1.92 உடனே 2.20 ஆகிவிடும்; ஐந்து தசமமாவது வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, வெவ்வேறு நூல்களின் மாறிலிகளைக் கலப்பது. சில நூல்களில் இணைதல் உறுப்பு A-இன் முக்கால் அடுக்கால் வகுக்கப்படும், அதற்கான மாறிலி 34. அந்த 34-ஐ எடுத்து வர்க்க மூலத்தால் வகுத்தால் இணைதல் 2.2 ஆகி, 236-க்கு 8.2 என்று வரும். யுரேனியம் பகுதியில் δ ஏறத்தாழ 0.5-க்கும் 0.8-க்கும் இடையில் விழவில்லை என்றால் மாறிலிகள் கலந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

நீல்ஸ் போர் 1939 தொடக்கத்திலேயே மெது நியூட்ரான் பிளவு அரிதான 235-இன் வேலை என்று வாதிட்டார். ஆல்ஃபிரட் நியர் பிரித்துக்கொடுத்த மிகச் சிறு மாதிரியைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1940-இல் அது உறுதியானது. இதே ஒற்றை-இரட்டைக் கணக்கை மற்ற எரிபொருள்களிலும் பார்க்கலாம். புளூட்டோனியம்-239-இல் 145 நியூட்ரான்கள், யுரேனியம்-233-இல் 141. இரண்டும் மெது நியூட்ரானுக்குப் பிளக்கும். தோரியம்-232-இல் 142, பிளக்காது. அது நியூட்ரானை விழுங்கி, இரண்டு பீட்டா சிதைவுகளுக்குப் பின் யுரேனியம்-233 ஆன பிறகே எரிபொருளாகிறது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலை எரிப்பது அந்த 233-ஐத்தான்.