கட் மாறினாலும் ஆள் மாறக் கூடாது: நீள வீடியோவில் முகம் மாற்றும் முன் செய்யவேண்டிய வேலை

சாட்சிகளின் அடையாளத்தை மறைக்க, அவர்கள் ஒப்புதலோடு முகத்தையே மாற்றும் முறை ஆவணப்படங்களில் இருக்கிறது. 2020இல் வந்த ‘வெல்கம் டு செச்னியா’ இதைப் பெரிய அளவில் செய்தது. இங்கே ஒரு பிரேமில் நிஜ முகம் தெரிந்துவிட்டாலும் மறைத்ததற்குப் பொருள் இல்லை. யாரும் அங்கே நிறுத்திப் பார்க்கலாம். நீண்ட காலம் இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்ததில், கஷ்டம் முகத்தை மாற்றுவதில் இல்லை. யாருடைய முகம் எது என்று கடைசிவரை சரியாகச் சொல்வதில்தான் இருக்கிறது.

90 நிமிடப் படம், 25 பிரேம் வேகம் என்று வைத்துக்கொள்வோம்: 1,35,000 பிரேம்கள். அதில் அக்கா, தங்கை இருவர் பேசுகிறார்கள். அக்காவை மட்டும் மறைக்க வேண்டும். ஒரு மாதிரிப் படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பிரேமையும் அதோடு ஒப்பிட்டு மாற்றுவதுதான் எளிய வழி. ஒரு நிமிடத் துண்டுக்கு அது போதும். நீளப் படத்தில், அக்கா பக்கவாட்டில் திரும்பியதும் ஒற்றுமை அளவு இறங்கி, நிஜ முகம் எட்டிப்பார்க்கும். வரம்பைத் தளர்த்தினால் தங்கைக்கும் முகம் மாறிவிடும். இரண்டையும் சரிசெய்யும் ஒற்றை எண் கிடையாது. முகம் திரும்பும் கோணமும் வெளிச்சமும், ஆள் மாறுவதைப் போலவே அந்த அளவை இறக்கிவிடுகின்றன.

ஆகவே முடிவைப் பிரேமுக்குப் பிரேம் எடுக்காமல், ஒரு ஷாட்டுக்குள் தொடர்ந்து வரும் முகத்தை ஒரே ட்ராக்காகக் கட்டி, அந்த ட்ராக் முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டும். அதற்கு முதலில் கட்டுகள் சரியாகப் பிரிய வேண்டும். போனில் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். அதை நிலையாக்காமல் தொடங்கினால் பிரேம் எண்கள் நழுவிப்போகும்.

```
ffmpeg -i in.mov -fps_mode cfr -r 25 in.mp4
scenedetect -i in.mp4 detect-content -t 22 -m 2 list-scenes
```

கட் என்று முடிவுசெய்யும் `-t`-இன் இயல்பான வரம்பு 27. அதை வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். குறைத்தால் பிளாஷ் அடித்த இடத்திலெல்லாம் பொய்க் கட் விழும், விழட்டும். ஒரே ஆள் இரண்டு ட்ராக்காகப் பிரிந்தால் பின்னால் சேர்த்துவிடலாம். தவறவிட்ட கட் அப்படியல்ல. எதிரெதிர் ஷாட்டில் இருவர் முகமும் திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்தால், பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை மட்டும் பார்க்கும் ட்ராக்கர் இருவரையும் ஒரே ஆளாக ஒட்டிவிடும். `-m 2` எதற்கென்றால், இயல்பு அளவான 0.6 விநாடிக்குள் வரும் அடுத்த கட்டும் தவறக் கூடாது. டிசால்வ்தான் மோசம்: இரண்டு முகமும் கலந்து தெரியும் அந்தப் பிரேம்களை இந்த முறை பல நேரம் பிடிக்காது. அவற்றைக் கையால் குறித்து, தனி ஷாட்டாக வெட்டுவது நல்லது.

அடுத்து, முகங்களை அடையாளம் காணும் InsightFace நிரலகத்தின் `buffalo_l` மாடல், ஒவ்வொரு முகத்துக்கும் 512 எண்கள் கொண்ட எம்பெடிங் தரும். இரண்டு முகங்களின் ஒற்றுமையை இவற்றை ஒப்பிட்டே அளக்கிறோம். ட்ராக்கில் உள்ள எல்லாவற்றையும் சராசரி எடுத்தால், மங்கலும் பக்கவாட்டும் சேர்ந்து கெடுத்துவிடும். நேராக, தெளிவாக, பெரிதாக விழுந்த பத்துப் பதினைந்து போதும்.

```python
best = sorted(track, key=lambda f: f.det_score * f.size)[-15:]
v = np.mean([f.emb for f in best], axis=0)
v /= np.linalg.norm(v)
```

இங்கே `emb` என்பது `normed_embedding`. `size` பெட்டியின் உயரம். கோணம் அதிகமான முகங்களை இதற்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

அக்கா கேமராவைப் பார்த்துப் பேசிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்புகிற 140 பிரேம் ஷாட் ஒன்று. முதல் 40 பிரேமில் மாதிரியோடு ஒற்றுமை 0.65, திரும்பிய பின் 0.28. பிரேம் வாரியாகப் பார்த்தால் மீதி 100 பிரேமில் நிஜ முகம் தெரியும். ட்ராக்காகப் பார்த்தால் முதல் 40-இன் தீர்ப்பே மீதிக்கும் பொருந்தும். அதே ஷாட்டில் தங்கை 0.43 காட்டினால், எண்ணை நம்பத் தேவையில்லை: ஒரே பிரேமில் இருக்கும் இருவர் ஒரே ஆளாக இருக்க முடியாது. ட்ராக்குகளை ஆள்வாரியாகக் கிளஸ்டர் செய்யும்போது இந்த விதியைக் கட்டாயமாக வைத்தால், உடன்பிறந்தோர் கலப்பதில் பெரும்பகுதி நின்றுவிடும். 0.35-க்கும் 0.5-க்கும் நடுவில் நிற்கும் ட்ராக்குகளை மட்டும் சிறுபடங்களாக அடுக்கி, கண்ணால் பார்த்துப் பெயரிட வேண்டும். ஷாட் முழுக்க பக்கவாட்டிலேயே இருக்கும் முகத்துக்கும் இதே வழிதான்.

ட்ராக் நடுவில் முகம் கண்டுபிடிக்கப்படாத பிரேம்களுக்கு, முன்பின் பெட்டிகளை வைத்து இடத்தைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். கை முகத்தை மறைத்த இடத்தில் மாற்றிய முகம் சிதையும். அங்கே மங்கலாக்குவதே பாதுகாப்பு.

மாற்றி முடித்த வீடியோவில் மறுபடி முகங்களைக் கண்டுபிடித்து, அக்காவின் நிஜ எம்பெடிங்கோடு ஒப்பிடுங்கள். 0.35-க்கு மேல் வரும் ஒவ்வொரு பிரேமையும் திறந்து பார்க்க வேண்டும். அதில் தங்கையும் சிக்குவாள், அவளைத் தள்ளிவிடலாம். கண்டுபிடிப்பானே தவறவிடும் முகம் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் ஒவ்வொரு ஷாட்டின் முதல் மூன்று, கடைசி மூன்று பிரேம்களையும், கண்ணாடிப் பிரதிபலிப்பும் சுவரில் மாட்டிய குடும்பப் படமும் வரும் ஷாட்டுகளையும் ஆள் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.