ஸ்லிங்கை அழிப்பது சுலபம், கையைத் தொங்கவிடுவதுதான் வேலை: ஃபோட்டோஷாப் அனுபவம்

மாவுக்கட்டும் ஸ்லிங்குமாக நிற்கும் நண்பரின் படத்தைக் கொடுத்து, "ஆல்பத்துக்குக் கட்டு இல்லாமல் வேண்டும்" என்று கேட்பார்கள். இதற்கு ஃபோட்டோஷாப்பில் பல வருஷமாகக் கைகொடுத்து வரும் வழி, நல்ல கையை நகலெடுத்துத் திருப்பிப் போடுவது. எங்கே சொதப்பும் என்று தெரிந்தால் போதும்.

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அரைக்கைச் சட்டை, இடது கையில் ஸ்லிங், வலது கை இயல்பாகத் தொங்குகிறது, வெயில் படத்தின் இடப்பக்கமிருந்து விழுகிறது.

முதலில் கையைத் தொடாதீர்கள், தோளைப் பாருங்கள். ஸ்லிங் போட்டவர் அந்தத் தோளைத் தன்னையறியாமல் தூக்கி வைத்திருப்பார். அப்படியே கையைத் தொங்கவிட்டால் பொம்மைக்குக் கை மாட்டியதுபோல் தெரியும். Liquify-இல் பெரிய பிரஷ் வைத்து, மறுதோளின் மட்டத்துக்கு மெதுவாக இறக்க வேண்டும். அதன் பிறகுதான் கையின் நீளம் சரியாக அமையும்: முழங்கை இடுப்பு மட்டத்தில், விரல் நுனி தொடையின் நடுவில்.

அடுத்தது சட்டை. வாரும் துணியும் மறைத்த இடத்தை Clone Stamp-ஆல் நிரப்பலாம். கட்டம் போட்ட சட்டையென்றால் கோடு கோடாகத்தான் பொருத்தியாக வேண்டும், அவசரப்பட்டால் கட்டங்கள் உடையும். மறுபாதிச் சட்டையைத் திருப்பிப் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது நெஞ்சில்தான் இருக்கும். திருப்பிய பாதியில் பாக்கெட் இருக்காது, வீட்டார் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். அதே சட்டையோடு இருக்கும் வேறு படத்திலிருந்து பாக்கெட்டை எடுங்கள்.

இப்போது வலது கையை Lasso-வால் சட்டைக் கையோடு சேர்த்து வளைத்து, Ctrl+J கொடுத்து, Flip Horizontal செய்யுங்கள். கட்டைவிரல் உடம்புப் பக்கம் சரியாகத் திரும்பிவிடும், ஆனால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். இந்தப் படத்தில் புதுக் கையின் உள்விளிம்பு வெளிச்சமாகவும் வெளிவிளிம்பு நிழலாகவும் இருக்க வேண்டும், வந்திருப்பதோ தலைகீழ். Curves இரண்டு போட்டு, ஒன்றில் ஏற்றி, ஒன்றில் இறக்கி, இரண்டையும் அந்தக் கைக்கு மட்டும் கிளிப் செய்து, மாஸ்க்கில் Flow 10% பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ வேண்டும். கை உடம்போடு ஒட்டும் இடத்து நிழலுக்கு Multiply லேயர் தனியாக. மச்சம், வாட்ச், கயிறு இருந்தால் அழித்துவிடுங்கள். இரண்டு கையும் அச்சு அசலாக இருந்தால் கண்ணில் குத்தும் என்பதால் Puppet Warp-இல் மணிக்கட்டையும் விரலையும் லேசாக மாற்றுங்கள்.

உச்சிவெயில் படத்தில் இது முழுசாக ஒட்டாது. வெளிச்சம் வெளுத்துப்போன தோலில் Curves எதையும் மீட்காது. நிழலில் எடுத்த படமே நல்லது. நல்ல கை எதையாவது பிடித்திருந்தாலோ மடங்கியிருந்தாலோ, அதே உடல்வாகுள்ள ஒருவரை அதே திசை வெளிச்சத்தில், அதே உயரத்தில் கேமராவை வைத்து எடுத்துக் கையை அதிலிருந்து எடுப்பதே மேல்.