இரும மர வடிவங்களை எண்ணுதல்: பிரித்துக் கூட்டுவதா, பெருக்கி வகுப்பதா?

ஒரு கணுவின் கீழே இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக அதிகபட்சம் இரண்டு கணுக்கள் அமையலாம். இடமும் வலமும் வேறுவேறாகக் கொள்ளப்படும். கணுக்களுக்குள் எந்த மதிப்பும் எழுதப்படவில்லை. இந்த விதிகளின்படி n கணுக்களால் எத்தனை வடிவங்களை அமைக்கலாம் என்ற கேள்விக்கு, 1, 2, 5, 14 என்ற முதல் நான்கு விடைகளைத் தாளில் வரைந்தே கண்டுவிடலாம். அந்த நான்கை வைத்துக்கொண்டு இது கேட்டலான் எண்களின் வரிசைதான் என்று முடிவு செய்வது அவசரமாகும். (3^(n-1)+1)/2 என்ற சூத்திரமும் 1, 2, 5, 14 என்றே தொடங்குகிறது. ஐந்தாவது இடத்தில்தான் அது 41 என்றும் கேட்டலான் வரிசை 42 என்றும் பிரிகின்றன. ஆகவே வரிசையை அடையாளம் காண்பதற்கு உறுப்புகளின் ஒற்றுமை போதாது, காரணமும் வேண்டும். அந்தக் காரணத்தைத் தரும் வழிகள் இரண்டு உள்ளன. இரண்டும் ஒரே எண்களில் சென்று முடிந்தாலும், அவை சொல்லும் செய்தியும் பிழைபடும் விதமும் வேறானவை.

முதல் வழி மரத்தை வேரில் பிரிப்பது. வேர்க்கணுவை நீக்கினால் மீதி n-1 கணுக்கள்; அவற்றில் i கணுக்கள் இடப்புறம் சென்றால் n-1-i கணுக்கள் வலப்புறம் செல்லும். இடப்புற வடிவம் எதுவாயினும் வலப்புற வடிவம் எதனுடனும் சேரலாம் என்பதால், இரு எண்ணிக்கைகளையும் பெருக்கி, i-யின் எல்லா மதிப்புகளுக்கும் கூட்ட வேண்டும். கணுவே இல்லாத வெற்று மரத்தை 1 என எண்ணுவது இங்கே அவசியம். ஐந்து கணுக்களுக்கு 1×14 + 1×5 + 2×2 + 5×1 + 14×1, அதாவது 14+5+4+5+14 = 42.

```python
def split(n):
    c = [1] + [0] * n
    for k in range(1, n + 1):
        c[k] = sum(c[i] * c[k-1-i] for i in range(k))
    return c[n]
```

இதையே பட்டியல் இல்லாமல், செயற்கூறு தன்னைத் தானே அழைக்குமாறு எழுதுவோர் பலர். அவ்வாறு எழுதினால் அழைப்புகளின் எண்ணிக்கை சரியாக 3^n ஆகும். 20 கணுக்களுக்கே அது 3486784401. பட்டியலில் சேமித்தால் அதே விடைக்கு 210 பெருக்கல்கள் போதும்.

இரண்டாவது வழி ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்கு நேரே தாவுவது: C(n+1) = C(n) × (4n+2) / (n+2). n = 4 எனில் 14 × 18 / 6 = 42. இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அது இயற்கணிதத்தில் மட்டுமே பிறந்தது என்று எண்ணுவோர் உண்டு. மரங்களிலேயே அதற்குத் தெளிவான பொருள் இருக்கிறது. n கணுக்கள் கொண்ட மரத்தில் கணு வரக்கூடிய வெற்றிடங்கள் n+1 உள்ளன. கணுக்களையும் வெற்றிடங்களையும் சேர்த்தால் 2n+1 இடங்கள். அவற்றுள் ஏதேனும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே ஒரு புதிய கணுவைச் செருகி, முன்பு அங்கிருந்ததை அதன் ஒரு பக்கத்திலும், குறியிட்ட புதிய வெற்றிடத்தை மறுபக்கத்திலும் வைக்கலாம். பக்கத்தைத் தேர்வதற்கு இரண்டு வாய்ப்புகள் என்பதால் மொத்தம் 2(2n+1) செருகல்கள். இவ்வாறு கிடைப்பது n+1 கணுக்கள் கொண்டதும், தன் n+2 வெற்றிடங்களில் ஒன்று குறியிடப்பட்டதுமான மரம். குறியைப் பார்த்தே செருகலைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பதால் எதுவும் விடுபடுவதில்லை, இருமுறை எண்ணப்படுவதும் இல்லை. ஆகவே (n+2) C(n+1) = 2(2n+1) C(n). இந்த விளக்கம் ரெமி 1985-இல் தந்தது. இவ்வளவு எளிமையான வாதம் இத்தனை காலம் தாழ்ந்து வந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்தப் போட்டி பழையது. குவிந்த பலகோணத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கும் வழிகளை எண்ணும்போது, ஆய்லர் 1751-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் பெருக்கல் வடிவத்தைக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் செக்னர் அதே எண்களுக்குப் பிரித்துக் கூட்டும் தொடர்பைக் கண்டார். ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் தாங்கும் முக்கோணம் எதுவோ அதுவே வேர், அதன் இருபுறமும் எஞ்சும் பலகோணங்களே இரு கிளைகள் என்று பார்த்தால் n+2 பக்கப் பலகோணமும் n கணு மரமும் ஒன்றாகிவிடுகின்றன. கேட்டலானின் பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. செக்னர் தம் வழியில் அட்டவணை போட்டபோது பதின்மூன்றாவது எண்ணில், அதாவது 742900 வர வேண்டிய இடத்தில், கூட்டல் தவறி, அதன் பின்வந்தவை அனைத்தும் பிழையாயின. அதைச் சுட்டிக்காட்டியவர் ஆய்லர்.

அந்தத் தவறு செக்னரின் வழியின் இயல்பைக் காட்டுகிறது. கூட்டல் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். பட்டியலின் ஓர் உறுப்பு தவறினாலும் எச்சரிக்கை ஏதும் எழாது. வகுத்தலோ மீதியைக் காட்டும்: C(n) பிழையானால், n+2-ஆல் வகுக்கும்போது பெரும்பாலும் மீதி எஞ்சும். ஆனால் பைத்தானில் `//` என்று எழுதினால் அந்த மீதி ஓசையின்றி எறியப்பட்டுவிடும். ஆகையால் மீதி பூஜ்யம்தானா என்று சோதிக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

```python
def ratio(n):
    c = 1
    for k in range(n):
        c, r = divmod(c * (4*k + 2), k + 2)
        assert r == 0
    return c
```

பைத்தானின் முழு எண்களுக்கு அளவு வரம்பில்லை. குறியுடைய 64 பிட் எண்களில் இதையே எழுதினால் நிலைமை மாறுகிறது, அங்கே பெருக்கி வகுக்கும் வழிதான் முதலில் விழுகிறது. C(33) = 212336130412243110. அடுத்த படியில் இதை 134-ஆல் பெருக்கும்போது, C(34) = 812944042149730764 வசதியாக அடங்கும் எண்ணாக இருந்தும், இடையில் வரும் பெருக்கற்பலன் எல்லையைத் தாண்டிவிடுகிறது; சுற்றி வந்து நிற்கும் மதிப்பு −8440446672178526492. அது 2-இல் முடிவதால் 35-ஆல் வகுபடாது; மீதிச் சோதனை இருந்தால் பிழை அங்கேயே பிடிபடும். முதலில் 35-ஆல் வகுத்துவிட்டு, கிடைக்கும் 6066746583206946-ஐ 134-ஆல் பெருக்கினால் விடை சரியாக வரும். பொதுக் காரணிகளை நீக்கிய பின் இந்த வரிசை மாற்றம் எப்போதும் செல்லும். கூட்டல் வழியில் இடைக்கூட்டல் எதுவும் இறுதி விடையைத் தாண்டாது என்பதால், அது C(35) வரை தானாகவே சரியாகச் செல்லும். C(36)-இல் விடையே எல்லையை மீறி எதிர்மறை எண்ணாகத் தோன்றும்.

வேகத்தில் ஒப்பீடே இல்லை. ஒரு லட்சம் கணுக்களுக்குப் பெருக்கி வகுப்பதில் ஒரு லட்சம் படிகள்; கூட்டல் வழியில் சுமார் 500 கோடிப் பெருக்கல்கள். எண்ணிக்கை மட்டும் தேவையென்றால் நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

ஆனால் கேள்வி சிறிது மாறிவிட்டால் முடிவும் தலைகீழாகிறது. ஐந்து கணுக்கள், மூன்று அடுக்குகளுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். தாவும் சூத்திரம் இங்கே எதற்கும் உதவாது, ஏனெனில் இடையில் செருகிய கணு அடுக்கைக் கூட்டிவிடக்கூடும். பிரிக்கும் வழிக்கு ஒரு பட்டியல் கூடுதலாக இருந்தால் போதும்: இரண்டு அடுக்குகளுக்குள் 0, 1, 2, 3 கணுக்களுக்கு முறையே 1, 1, 2, 1 வடிவங்கள்; வேரின் கீழே நான்கு கணுக்களை 1+3, 2+2, 3+1 என்று பிரித்தால் 1 + 4 + 1. நாற்பத்திரண்டு வடிவங்களில் ஆறு மட்டுமே தேறுகின்றன.