அட்டெண்டன்ஸ் ஷீட் போட்டோவ எக்செல்ல ஏத்தறது: ஒருத்தரா, ரெண்டு பேரா, ஓசிஆரா?

மீட்டிங், ட்ரெய்னிங், கேம்ப்னு எது நடந்தாலும் வாசல்ல ஒரு ஷீட் வச்சு கையெழுத்து வாங்கிடுவாங்க, அப்புறம் யாராவது அத போன்ல போட்டோ எடுத்து "இத கொஞ்சம் எக்செல்ல போட்டுடுங்க"னு அனுப்பிடுவாங்க. அத செய்ய மூணு வழி இருக்கு: ஒருத்தர் உக்காந்து டைப் பண்றது, ரெண்டு பேர் தனித்தனியா டைப் பண்ணி ஒப்பிட்டு பாக்கறது, இல்லனா போட்டோல இருக்கற எழுத்த தானாவே படிச்சு குடுக்கற ஓசிஆர்ல போட்டு வர்றத திருத்தறது. எது வேகம்னு பாத்தா ஓசிஆர் தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எதுல வர்ற தப்பு நம்ம கண்ணுல படும்னு பாத்தா வரிசை அப்படியே மாறிடுது.

ஒரு ஷீட்ட எடுத்துக்குவோம். 25 வரி அச்சடிச்சது, வரிசை எண், பெயர், போன், நேரம், கையெழுத்துனு அஞ்சு காலம். 9வது வரில ஒருத்தர் எழுதி அடிச்சுட்டாரு, 17 காலி, கடைசில இடம் இல்லாம ஒருத்தர் கீழ் ஓரத்துல நம்பரே இல்லாம எழுதிருக்காரு. ஆக உண்மையான பதிவு 24. போட்டோ ரெண்டு, மேல் பாதி கீழ் பாதி, 13வது வரி ரெண்டுலயும் வந்துருக்கு.

இத ஓசிஆர்ல போட்டா என்ன ஆகும்னு பாருங்க. 13 ரெண்டு தடவ வரும். அடிச்ச 9வது வரியையும் அது பெயர்னு நெனச்சு எடுத்துக்கும். 20வது ஆளோட கையெழுத்து நீளமா கீழ இறங்கி 21வது வரி மேல படிஞ்சிருந்தா 21 காணாம போயிடும். ஓரத்துல எழுதினவர் டேபிளுக்கு வெளிய இருக்காரு, அவரும் போச்சு. ரெண்டு கூடுது, ரெண்டு கொறையுது, மொத்தம் அதே 24! பேப்பர்ல எண்ணினதும் 24, எக்செல்லயும் 24, டேலி ஆயிடுச்சுனு மூடி வச்சுட்டா நாலு தப்பு உள்ளயே உக்காந்திருக்கும். எண்ணிக்கை சரியா இருக்குனா எண்ணிக்கை மட்டும் தான் சரி.

அதனால எந்த வழில போனாலும் முதல்ல ஒண்ணு செஞ்சுடணும், போட்டோ பேரு, ஷீட் நம்பர், வரி நம்பர் மூணையும் டைப் பண்றதுக்கு முன்னாடியே காலமா போட்டு 1லிருந்து 25 வரைக்கும் நிரப்பி வச்சுடணும், ஓரத்துல எழுதினவருக்கு 25அ மாதிரி ஏதாவது குடுத்துக்கலாம். காலி வரிக்கும் அடிச்ச வரிக்கும் கூட ஒரு ரோ இருக்கணும், "காலி", "அடிச்சது"னு எழுதி வைங்க. அப்ப 21 எங்கனு கேக்காமலே தெரியும், 13 ரெண்டு தடவ வந்தா போட்டோ ஓவர்லாப்னு உடனே புரியும், ஒரே ஆள் ரெண்டு தடவ கையெழுத்து போட்டதோட அத கொழப்பிக்க மாட்டோம்.

இப்ப மூணு வழியும். ஒருத்தர் டைப் பண்றது சின்ன வேலைக்கு, ரெண்டு மூணு ஷீட்டுனா, தாராளமா போதும். அதுல இருக்கற பிரச்சன, அவர் 1னு படிச்ச 7 அவருக்கு எப்பவுமே 1 தான், திரும்ப சரிபார்த்தாலும் அதே கண்ணு அதே மாதிரி தான் படிக்கும். ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் டைப் பண்றதும் இதே கணக்கு தான், பேப்பர பாக்கறது ஒரே ஜோடி கண்ணு, அத ரெண்டு பேர் பாத்ததா சேக்காதீங்க.

ரெண்டு பேர் தனித்தனியா, ஒருத்தரோடத இன்னொருத்தர் பாக்காம டைப் பண்ணா வேலை டபுள், உண்மை தான். ஆனா எங்க சண்ட வருதோ அங்க தான் எழுத்து புரியலனு தானாவே தெரிஞ்சிடும். A, B னு ரெண்டு ஷீட்ல போட்டு மூணாவது ஷீட்ல இத இழுத்துவிட்டா போதும்:

```
=IF(TRIM('A'!D2)=TRIM('B'!D2),"","பார்")
```

"பார்"னு வந்த செல்லுக்கு மட்டும் போட்டோவ பெருசு பண்ணி பாத்தா போதும், முழுசும் வேண்டாம். வரி நம்பர் முன்னாடியே போடலனா ஒருத்தர் ஒரு வரிய தாண்டின உடனே அதுக்கு கீழ எல்லாமே "பார்" ஆயிடும், அந்த எரிச்சல் வேற.

ஓசிஆர் பத்தி. டெசராக்ட் மாதிரி ஃப்ரீயா கெடைக்கறது அச்செழுத்துக்கு செஞ்சது, கையெழுத்துக்கு போட்டு திட்டறதுல அர்த்தம் இல்ல. கையெழுத்துக்குனே இருக்கறது நல்லா படிக்குது, ஆனா ஆபத்தே அங்க தான், தப்பா படிச்சாலும் அழகா ஒரு பேரா குடுக்கும். திருத்த உக்கார்றவர் அந்த பேர முதல்ல பாத்துட்டு அப்புறம் போட்டோவ பாக்கறாரு, கிறுக்கலும் அந்த பேராவே தெரியுது. மேல இருக்கறதே இங்கயும்னு ஜனங்க போடற ரெண்டு சின்ன கோடு இருக்கே, அத 11னு படிச்சு நேரம் காலத்துல வச்சா அதுவும் நம்பற மாதிரியே இருக்கும், பதினோரு மணிக்கு வந்தாருனு.

நான் ஓசிஆர திருத்த குடுக்க மாட்டேன், ரெண்டாவது டைப்பிஸ்டா வச்சுக்குவேன். ஒரு ஆள் ஓசிஆர் ரிசல்ட்ட பாக்காம டைப் பண்ணட்டும், ஓசிஆர் B ஷீட்ல உக்காரட்டும், அதே ஃபார்முலா. ஓசிஆர் வரிகள வரி நம்பருக்கு நேரா உக்கார வைக்க கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா ரெண்டாவது ஆளோட நேரம் மிச்சம். பணம், சர்டிஃபிகேட்னு ஏதாவது இத வச்சு குடுக்கறாங்கனா மட்டும் ரெண்டு மனுஷங்களே டைப் பண்றது நல்லது. பேரெல்லாம் முன்னாடியே அச்சடிச்சு கையெழுத்து மட்டும் வாங்கின ஷீட்டுனா இந்த அலசலே வேண்டாம், லிஸ்ட் கையில இருக்கு, இருக்கு இல்லனு மார்க் பண்ணா முடிஞ்சது.

டூப்ளிகேட் தேட போன் காலம் தான் நல்லது, பேர்ல இனிஷியல் முன்ன பின்ன மாறும். காலத்த முதல்லயே டெக்ஸ்ட் ஃபார்மட்ல வைங்க, இல்லனா முன்னாடி இருக்கற சைபர் பறந்துடும். அப்புறம் இது:

```
=COUNTIF(E:E,E2)
```

இதுல ஒரு பொறி இருக்கு. புரியாத இலக்கத்துக்கு எல்லாரும் கேள்விக்குறி போடுவாங்க, COUNTIFக்கு `?`னா எந்த எழுத்தா வேணா இருக்கலாம்னு அர்த்தம். `55501?4`னு போட்டீங்கனா `5550124`, `5550174` ரெண்டையும் சேத்து 3னு காட்டும், யாருமே ரெண்டு தடவ வரல. அதனால புரியாத இலக்கத்துக்கு `#` போடுங்க, `55501#4`. இவரா இருக்குமோனு தேடணும்னா அப்ப மட்டும் தனி செல்ல `?` போட்டு தேடிக்கலாம், அப்படி பாத்தா அது வசதி தான்.

2னு வந்துட்டா உடனே அழிக்காதீங்க. ஒரே வீட்ல ரெண்டு பேர் ஒரே நம்பர் குடுத்திருப்பாங்க, இல்லனா ஒரே ஆள் காலைல ஒரு தடவ மதியம் ஒரு தடவ போட்டிருப்பாரு. பக்கத்துல ஒரு காலம் வச்சு "அதே ஆள், வரி 6"னு எழுதினா போதும், எடுக்கறதா வேண்டாமானு நிகழ்ச்சி நடத்தினவங்க முடிவு பண்ணட்டும். புரியாத பேருக்கும் அதே தான், பழைய லிஸ்ட பாத்து இவரா தான் இருக்கும்னு தோணினா யூகம்னு தனி காலத்துல போடுங்க, பேர் காலத்துல போட்டுட்டா நாளைக்கு எது பேப்பர்ல இருந்தது எது நாம போட்டதுனு பிரிக்கவே முடியாது. கடைசில மிஞ்சற அந்த சில வரிகள மட்டும் போட்டோல இருந்து வெட்டி எடுத்து, வரி நம்பரோட, அன்னைக்கு வாசல்ல உக்காந்திருந்தவருக்கு அனுப்புங்க, யார் வந்தாங்கனு அவருக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பு இருக்கு.